உதவி: ட்ரூத் டேபிளில் ரெண்டு வரி மட்டும் தப்பாக வருகிறது

கடலூர்_முதலாண்டு: நாளைக்கு இன்டர்னல். மூன்று வேரியபிள் ட்ரூத் டேபிள், 8 வரியும் போட்டேன். விடையோடு பார்த்தால் 6-வது வரியும் 8-வது வரியும் மட்டும் ஒத்து வரவில்லை. நாலு தடவை போட்டாலும் அதேதான். எங்கே தப்பு? அவசரம்.

தென்பெண்ணை: தம்பி, எந்த எக்ஸ்பிரஷன்?

பழைய புரோகிராமர்: கேள்வியே இல்லாமல் விடை கேட்கிறார்கள். இது பிளஸ் ஒன் பாடம். ஒழுங்காகப் படித்திருந்தால் இந்த இழையே தேவையில்லை.

வில்லியனூர் வாசு: எனக்குத் தெரிந்து வரிசைதான் பிரச்சினை. 000, 001, 010 என்று பைனரி எண்ணிக்கையில் ஏறிப் போகணும். நீ 111-இல் ஆரம்பித்திருப்பே.

கடலூர்_முதலாண்டு: 000-இல்தான் ஆரம்பித்தேன். A கூட்டல் B C, மேலே ஒரு கோடு. என் விடை மேலிருந்து கீழே 0 0 1 0 1 0 1 0.

லேப் அக்கா: எங்க லேபிலும் இப்படித்தான் ரெண்டு வரி மட்டும் தப்பாக வந்தது. 7432-இல் ஒரு இன்புட் காலைச் சும்மா விட்டிருந்தோம். டிடிஎல் ஐசி அதை 1 என்று எடுத்துக்கொள்ளும். ஒயரை அழுத்திப் பாரு.

தென்பெண்ணை: அக்கா, அவர் பேப்பரில் போடுகிறார்.

தம்பி, கோடு C மேலே மட்டுமா, BC ரெண்டுக்கும் சேர்த்தா? சரி, நீங்கள் சொன்னதிலேயே பதில் இருக்கிறது. சேர்த்துக் கோடு என்றால் 000 வரியில் விடை 1 வரணும். உங்கள் 0 விடையோடு ஒத்துப்போகிறது என்கிறீர்கள். அப்படியானால் கோடு C மேலே மட்டும்தான், அதாவது A + BC'.

6-வது வரி 101, 8-வது வரி 111. ரெண்டிலும் A-யும் C-யும் 1. நீங்கள் A + B-யை முதலில் போட்டு, வந்ததை C'-ஓடு ஆண்ட் செய்திருக்கிறீர்கள். அது (A + B)C'. C 1 ஆனதும் C' 0 ஆகி மொத்த விடையையும் 0 ஆக்கிவிடுகிறது. அடைப்புக்குறி இல்லாதபோது முதலில் நாட், அப்புறம் ஆண்ட், கடைசியில்தான் ஆர்.

வில்லியனூர் வாசு: இடமிருந்து வலம் போவதுதானே முறை? என் கால்குலேட்டரில் 2+3×4 போட்டால் 20 வருகிறது.

தென்பெண்ணை: ஒரே தரத்தில் இருக்கிற குறிகளுக்கு இடமிருந்து வலம் சரி. ஆண்டும் ஆரும் ஒரே தரம் இல்லை. கடையில் வைத்திருக்கிற சாதா கால்குலேட்டர் அழுத்த அழுத்தக் கணக்குப் போட்டுக்கொண்டே போகும். பரீட்சைக்கு அதை நம்பாதீர்கள்.

தம்பி, நேராகக் கடைசி விடைக்குத் தாவாமல் நடுவில் ரெண்டு காலம் போடுங்கள். மூன்றாவதில்தான் ஆர்.

```
A B C | C' | BC' | A+BC'
0 0 0 | 1  |  0  |  0
0 0 1 | 0  |  0  |  0
0 1 0 | 1  |  1  |  1
0 1 1 | 0  |  0  |  0
1 0 0 | 1  |  0  |  1
1 0 1 | 0  |  0  |  1
1 1 0 | 1  |  1  |  1
1 1 1 | 0  |  0  |  1
```

போட்டு முடித்ததும் ஒரு பார்வை பாருங்கள். A 1 என்றால் மற்ற ரெண்டும் என்னவாக இருந்தாலும் விடை 1. அதனால் கீழ்ப் பாதி நாலு வரியிலும் 1 இருக்கணும். மேல் பாதியில் A 0, BC' மட்டும்தான் பேசும், அது 010-இல் மட்டும் 1. மொத்தம் அஞ்சு 1. உங்களுக்கு மூன்றுதான் வந்தது.

பழைய புரோகிராமர்: இதற்கு எட்டு வரி எதற்கு? கார்னா மேப் போட்டால் ஒரு நிமிஷம்.

லேப் அக்கா: அந்த மேப்பை நிரப்பவே இந்த எட்டு விடையும் வேணுமே சார்.

வில்லியனூர் வாசு: பைத்தானில் ஓட்டிப் பார்த்தேன். `a | b & ~c` கடைசி விடை தென்பெண்ணை சொன்ன மாதிரியே வருகிறது. ஆனால் `~c` மட்டும் பிரிண்ட் செய்தால் -1, -2 என்று வருகிறதே?

தென்பெண்ணை: `~` எண்ணின் எல்லா பிட்டையும் திருப்பும், அதனால் 0 -1 ஆகும், 1 -2 ஆகும். b-யோடு `&` செய்யும்போது கடைசி பிட் மட்டும் மிஞ்சுவதால் விடை தப்பிக்கிறது. C' காலத்துக்கு `1 - c` போடுங்கள்.

பழைய புரோகிராமர்: `not c` என்று எழுதுவதுதான் முறை.

வில்லியனூர் வாசு: அதற்கு True, False என்று வருகிறது. டேபிளில் 0, 1 தானே வேணும்?

பழைய புரோகிராமர்: `int` போடத் தெரியாதா? முதலில் அடிப்படையைப் படியுங்கள்.

லேப் அக்கா: எனக்குக் கேட்டால் கேள்வித்தாள் எடுக்கிறவரே A + (BC') என்று அடைப்புக்குறி போட்டுவிடலாம்.

பழைய புரோகிராமர்: அப்புறம் முன்னுரிமை விதியை எதில் சோதிப்பது?

லேப் அக்கா: அது லாஜிக்கைச் சோதிக்கவா, கண்ணைச் சோதிக்கவா?

கடலூர்_முதலாண்டு: கோடு C மேலே மட்டும்தான். 6, 8 ரெண்டும் சரியாகிவிட்டது. நன்றி அண்ணா. அடுத்த கணக்கில் நாலு வேரியபிள், அதற்கு 12 வரியா?

தென்பெண்ணை: 16. ஒரு வேரியபிள் கூடினால் வரி இரட்டிப்பாகும்.