9 லட்சம் வித்தியாசம்: கடன் குறிப்பும் வங்கிக் கடிதமும் ஒத்துப்போகாத அனுபவங்கள்

பேரேட்டுக்காரி:
போன வருடத் தணிக்கையில் எனக்கு நேர்ந்ததைப் பகிர்கிறேன். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

ஒரு நிறுவனம் 500 லட்சம் டேர்ம் லோன் வாங்கியிருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை 25 லட்சம் அசல் கட்ட வேண்டும். நான்கு தவணை போக அசல் பாக்கி 400 லட்சம். ஆனால் இருப்புநிலைக் குறிப்பின் கடன் குறிப்பில் 396.6 லட்சம் என்று இருந்தது. வங்கி எங்களுக்கு நேரடியாக அனுப்பிய நிலுவை உறுதிக் கடிதத்திலோ 405.6 லட்சம். வித்தியாசம் சரியாக 9 லட்சம்.

கணக்குப் பிரிவு மேலாளர் கேட்டவுடனே பதில் சொன்னார். "மேடம், பிராசஸிங் கட்டணத்தில் இன்னும் செலவெழுதாத பகுதி, அப்புறம் கடைசி மாத வட்டி. ரெண்டும் சேர்ந்துதான் அந்த 9 லட்சம்." நியாயமான பதில்தான். கடன் வாங்கும்போது கொடுத்த கட்டணத்தில் 3.4 லட்சம் மீதி இருந்தது, அதைக் கடனிலிருந்து கழித்துக் காட்டியிருந்தார்கள். கடைசி மாத வட்டி 3.5 லட்சத்தை வங்கி கடைசி நாளில் பற்று வைத்திருந்தது. நிறுவனம் அதே தொகையை வேறொரு குறிப்பில் சேர்ந்த வட்டியாகக் காட்டியிருந்தது. அந்தக் குறிப்பையும் எடுத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது.

ஆனால் இரண்டையும் கூட்டினால் 6.9 லட்சம்தான் வருகிறது. மீதி 2.1 லட்சத்துக்கு யாரிடமும் பதில் இல்லை. மொத்தக் கடனோடு ஒப்பிட்டால் சின்னத் தொகை. "விளக்கப்படாத வித்தியாசம், முக்கியமில்லை" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம் என்றுதான் என் ஜூனியர் நினைத்தான். நானும் பாதி அந்த மனநிலையில்தான் இருந்தேன்.

அப்புறம் கடன் கணக்கின் ஸ்டேட்மென்ட்டை வரி வரியாகப் படித்தேன். கடைசி மூன்று மாதங்களிலும் மாத முடிவில் 70 ஆயிரம் வீதம் ஒரு பற்று. விவரப் பத்தியில் ஒரு சுருக்கக் குறியீடு மட்டும்தான் இருந்தது. கிளைக்குப் போன் செய்து கேட்டால், அபராத வட்டி என்றார்கள். தவணை எதுவும் தவறவில்லையே, பிறகு ஏன் அபராதம்?

சாங்ஷன் கடிதத்தை எடுத்தோம். கடனையும் வட்டியையும் கட்டும் திறனைக் காட்டும் விகிதம் 1.25க்குக் கீழே போகக் கூடாது, போனால் ஆண்டுக்கு 2 சதவீதம் கூடுதல் வட்டி, கூடவே முழுக் கடனையும் உடனே திரும்பக் கேட்கும் உரிமை வங்கிக்கு உண்டு என்று இருந்தது. விகிதம் கீழே போயிருந்தது. நிறுவனம் நீண்டகாலக் கடனாகக் காட்டியிருந்தது 300 லட்சம். ஆண்டு இறுதி நாளில் அதைத் தள்ளிப்போடும் உரிமையே அவர்களிடம் இல்லை. அந்த 300 லட்சமும் நடப்புக் கடனுக்கு வந்தது. நடப்புச் சொத்தைவிட நடப்புக் கடன் அதிகமாகி, நிறுவனம் தொடர்ந்து இயங்குமா என்ற கேள்வியே அதற்குப் பிறகுதான் எழுந்தது.

நேர்வழி:
நல்ல பகிர்வு. ஆனால் அடிப்படையில் ஒன்று கேட்கிறேன். வங்கி 405.6 என்று எழுதிக் கொடுத்துவிட்டால் குறிப்பிலும் 405.6 தானே இருக்க வேண்டும்? கடன் கொடுத்தவர் சொல்வதுதான் கடைசி வார்த்தை. கட்டணத்தைக் கடனில் கழிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நாங்கள் அதைத் தனியாகச் சொத்துப் பக்கம் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவெழுதுகிறோம்.

முப்பது வருடத் தணிக்கை:
நேர்வழி, உங்கள் நிறுவனம் பின்பற்றும் கணக்கியல் விதிகளுக்கு அது சரியாக இருக்கலாம். ஐஎஃப்ஆர்எஸ் 9 பின்பற்றுகிறவர்கள், கடனை அமார்ட்டைஸ்டு காஸ்ட் முறையில் காட்டும்போது அந்தக் கட்டணத்தைக் கடனிலேயே கழித்து, பயனுறு வட்டி வீதத்தில் ஆண்டுதோறும் செலவுக்குக் கொண்டுபோக வேண்டும். அதனால் அங்கே குறிப்பும் வங்கிக் கடிதமும் ஒத்துப்போகாமல் இருப்பதுதான் இயல்பு. இப்படிப்பட்ட கடனில் இரண்டும் அப்படியே ஒத்துப்போனால் கட்டணத்தை எங்கே கொண்டுபோனார்கள் என்று நான் கேட்பேன்.

வங்கி சொல்வதே கடைசி வார்த்தை என்பதையும் நான் ஏற்க மாட்டேன். கட்டிய தவணையை வேறு கணக்கில் வரவு வைத்துவிட்டு, பாக்கி இருப்பதாக உறுதிக் கடிதம் கொடுத்த கிளையை நானே பார்த்திருக்கிறேன். கடிதம் ஒரு நாளின் ஒரு எண்ணைத்தான் சொல்லும். அந்த எண் எப்படி வந்தது என்பது ஸ்டேட்மென்ட்டில் இருக்கும். எந்த நிபந்தனையில் வந்தது என்பது சாங்ஷன் கடிதத்திலும் அதன் திருத்தங்களிலும் இருக்கும். பேரேட்டுக்காரி மூன்றையும் அருகருகே வைத்ததால்தான் விஷயம் வெளியே வந்தது.

இன்னொன்று. உறுதிக் கடிதக் கோரிக்கையில் நிலுவையை மட்டும் கேட்டால் வங்கி நிலுவையை மட்டும்தான் சொல்லும். நிபந்தனை மீறல் உண்டா, என்ன அடமானம், யாருக்காவது உத்தரவாதம் கொடுத்திருக்கிறார்களா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். ஆண்டு இறுதியில் பாக்கியே இல்லாத வங்கிக்கும் அனுப்புங்கள். முடிந்துபோன கணக்கு என்று விட்டுவிட்ட ஒரு வங்கியிடமிருந்துதான், துணை நிறுவனத்துக்குக் கொடுத்த உத்தரவாதம் ஒன்று எனக்குத் தெரியவந்தது.

கேஷியர்:
எனக்கும் இதே பிரச்சினைதான். ஓவர்டிராஃப்ட் கணக்கில் எங்கள் புத்தகத்தில் 34 லட்சம் கடன், வங்கி 31 லட்சம் என்கிறது. 3 லட்சம் காணவில்லை. வங்கி அபராதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டதா?

பேரேட்டுக்காரி:
கேஷியர், உங்களுடையது வேறு கதை. நீங்கள் கொடுத்த காசோலைகள் இன்னும் வங்கிக்கு வந்து சேராமல் இருக்கலாம். அடுத்த மாத ஸ்டேட்மென்ட்டின் முதல் இரண்டு வாரத்தில் அந்த 3 லட்சம் பற்றாகிறதா என்று பாருங்கள். ஆகவில்லை என்றால் காசோலைகள் உண்மையிலேயே கையைவிட்டுப் போனதா என்று பாருங்கள். ஆண்டு முடிவதற்குள் கொடுக்க வேண்டிய பாக்கியைக் குறைத்துக் காட்ட எழுதிவிட்டு, மேசை இழுப்பறையிலேயே வைத்திருப்பார்கள்.

கேஷியர்:
பார்த்தேன். இரண்டு காசோலை இழுப்பறையில்தான் இருக்கிறது. மேலாளரிடம் சொல்லப் போகிறேன்.

சிறுதொழில் கணக்கர்:
எனக்கு எல்லாம் ஒத்துப்போனதுதான் பயமாக இருந்தது. இயக்குநர் ஒருவர் நிறுவனத்துக்குக் கொடுத்த கடன். அவரிடமிருந்து வந்த உறுதிக் கடிதம் கடைசி இலக்கம் வரை சரி. பிறகுதான் கவனித்தேன், நிறுவனத்தின் பேரேட்டில் இருந்த எழுத்துப் பிழை ஒன்று அந்தக் கடிதத்திலும் அப்படியே இருந்தது. இரண்டையும் தட்டச்சு செய்தவர் ஒரே ஆள். கடிதத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, ஒவ்வொரு தொகையும் இயக்குநரின் வங்கிக் கணக்கிலிருந்து வந்ததா என்று தேடினேன். ஒரு வரவு கடனே இல்லை, வாடிக்கையாளர் கொடுத்த முன்பணம்.

நேர்வழி:
கட்டண விஷயம் புரிகிறது, எங்கள் ஆடிட்டரிடம் பேசுகிறேன். பேரேட்டுக்காரி, அந்த வங்கி பிறகு மீறலை மன்னித்துக் கடிதம் கொடுத்திருந்தால் 300 லட்சத்தை நீண்டகாலக் கடனாகவே விட்டிருக்கலாமா?

பேரேட்டுக்காரி:
கொடுத்தார்கள், ஆண்டு முடிந்து ஐந்து வாரம் கழித்து. ஐஏஎஸ் 1 கணக்கியல் தரத்தின்படி அது போதாது. குறைந்தது 12 மாத அவகாசத்தை ஆண்டு இறுதி நாளுக்குள்ளேயே வங்கி ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். அதனால் நடப்புக் கடனிலேயே வைத்து, பின்னால் வந்த கடிதத்தைத் தனிக் குறிப்பில் சொன்னோம்.

முப்பது வருடத் தணிக்கை:
எல்லா விதித்தொகுப்பிலும் அப்படி இல்லை. அறிக்கை வெளியாகும் முன் கிடைத்த கடிதத்தை ஏற்கும் விதிகளும் உண்டு. எனக்கு இடிக்கிற இடம் வேறு. வங்கி அபராதத்தை மட்டும் வசூலித்துக்கொண்டு, மீறல் என்று எழுத்தில் சொல்லாமலே இருந்தால் என்ன செய்வது? நாங்கள் ஒருமுறை சட்ட ஆலோசகரிடம் கேட்டோம். அவர் ஒன்று சொன்னார், வங்கியின் வழக்கறிஞர் நேர்மாறாகச் சொன்னார். இதைக் கடைசிவரை தீர்த்த யாராவது இருந்தால் எழுதுங்கள்.