“அன்மேட்ச்” பொத்தானுக்குத் தமிழில் என்ன எழுதலாம்?

முத்துராமன், தல்லாகுளம்

அன்பர்களுக்கு வணக்கம். இணை தேடும் கட்டற்ற செயலி ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டது. ஒரு பொத்தானில் மட்டும் பத்து நாளாக நிற்கிறேன்.

```
msgid "Unmatch %s"
msgstr ""
```

இருவரும் ஒருவர் படத்தை ஒருவர் வலப்பக்கம் தள்ளினால் மேட்ச். அதற்குப் “பொருத்தம்” என்று போட்டுவிட்டேன். பிறகு அவர்களில் ஒருவர் “இது வேண்டாம்” என்று அழுத்துவதுதான் இந்தப் பொத்தான். “பொருத்தம் நீக்கு” என்று எழுதிப் பார்த்தேன், மனசு ஒப்பவில்லை. அழுத்தியதும் ஓர் எச்சரிக்கை வரி வரும். அரட்டையும் படங்களும் அழிந்துவிடும் என்கிறது ஆங்கில மூலம். அதையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும்.

சிவஞானம், மேலூர்

தம்பி, பொருத்தம் என்பது நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் பார்ப்பது. பத்துப் பொருத்தத்தில் ரச்சு இருந்தால் இருக்கிறது, இல்லையென்றால் இல்லை. அதை யார் நீக்க முடியும்? என் மகளுக்கு வந்த வரன் ஒன்றில் எட்டுப் பொருத்தம் இருந்தது. பூ வைத்துப் பேசி முடித்த பிறகு பையன் வீட்டார் விலகிக்கொண்டார்கள். அந்த எட்டும் அப்போதும் எட்டாகத்தான் இருந்தது. முறிந்தது சம்பந்தம். ஆகவே “சம்பந்த முறிவு” என்று போடுங்கள்.

முத்துராமன்

ஐயா, இதில் ஜாதகமும் இல்லை, பெரியவர்களும் இல்லை. முன்பின் தெரியாத இருவர் நாலு வரி பேசியிருப்பார்கள், அவ்வளவுதான். “முறிவு” என்றால் நிச்சயம் பண்ணியது நின்றுபோன கனம் வந்துவிடுகிறது.

பிரியா, கோச்சடை

எதுக்கு இவ்வளவு யோசனை அண்ணே? “அழி” என்று போடுங்கள். நான் டிண்டர் பயன்படுத்தியிருக்கிறேன். அன்மேட்ச் செய்தால் அந்த ஆள் நம் பட்டியலிலும் இருக்கமாட்டார், நாம் அவர் பட்டியலிலும் இருக்கமாட்டோம். பேசியது முழுக்க ரெண்டு பக்கமும் போய்விடும். அவருக்கு அறிவிப்பும் போகாது, திரும்பக் கொண்டுவரவும் முடியாது. அவரால் எதையும் பார்க்க முடியாது என்னும்போது அது அழிப்புதானே?

நஸ்ரின், அண்ணா நகர்

பிரியா, திரையில் நடப்பதை நீங்கள் சரியாகத்தான் சொல்கிறீர்கள். “அவரால் எதையும் பார்க்க முடியாது” என்ற இடத்தில்தான் நான் மாறுபடுகிறேன். இப்படிப்பட்ட செயலிகளின் சர்வர் பக்கம் சில வருடம் வேலை பார்த்தவள் நான். அன்மேட்ச் அழுத்தினால் உள்ளே நடப்பது பெரும்பாலும் இவ்வளவுதான்:

```
UPDATE matches
SET unmatched_at = now()
WHERE id = 41;
```

இதில் DELETE எங்கேயும் இல்லை. அந்த ஜோடியின் மேல் ஒரு தேதி விழுகிறது. தேதி விழுந்த ஜோடியை இருவர் பட்டியலிலும் காட்டாதே என்பது விதி. செய்திகள் சர்வரில் அப்படியே கிடக்கும். அதற்குக் காரணமும் உண்டு. 2020-ல் ஆஸ்திரேலியாவின் ஏபிசி ஒளிபரப்பு நிறுவனம் ஒரு விசாரணைச் செய்தி வெளியிட்டது. அதன்படி, தவறு செய்தவர் உடனே அன்மேட்ச் அழுத்திவிடுவார். பாதிக்கப்பட்டவர் புகார் சொல்லப் போனால் அவர் போனில் அரட்டையே இருக்காது. சர்வரிலும் அழித்துவிட்டால் புகாரை எதை வைத்து விசாரிப்பது? கணக்கையே மூடினாலும் பாதுகாப்புக்காக 3 மாதம் தரவை வைத்திருப்போம் என்று டிண்டரின் தனியுரிமைக் கொள்கை சொல்கிறது. செயலியைப் போனிலிருந்து எடுத்துவிட்டால் கணக்குகூட மூடப்படுவதில்லை. முகம் அடுத்தவர் திரைக்குப் போய்க்கொண்டிருக்கக்கூடும்.

இதைவிட முக்கியம் எதிரில் இருப்பவர் போனில் மிஞ்சுவது. எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு செயலியில் ஒருவரோடு இரண்டு வாரம் பேசினாள். முதல் வாரமே வாட்ஸ்அப்பிலும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அங்கே மூன்று படம் அனுப்பினாள். படம் அனுப்பிய நாலாம் நாள் அவர் பேச்சு கோணலானது. பயந்துபோய் இரவோடு இரவாகச் செயலியில் அன்மேட்ச் அழுத்தினாள், வாட்ஸ்அப்பில் பிளாக் செய்தாள், எல்லாம் போய்விட்டது என்று நினைத்துத் தூங்கிவிட்டாள்.

செயலியில் அவள் மறைந்தது உண்மை. ஆனால் வாட்ஸ்அப் பிளாக் பழைய செய்தி எதையும் தொடுவதில்லை. மூன்று படமும் அவரிடம் இருந்தன. “அனைவருக்கும் நீக்கு” செய்வதற்கு வாட்ஸ்அப் தரும் அவகாசம் இரண்டு நாளுக்குச் சற்று மேல். அவளுக்கு அது கடந்துவிட்டது. அவகாசம் இருந்திருந்தாலும், ஐபோனில் படங்கள் தானாக கேலரிக்குப் போகும்படி வைத்திருந்தால் அரட்டையில் நீக்கிய பிறகும் கேலரியில் இருக்கும். செயலியில் எழுதிய கடைசி இரண்டு செய்திகளும் அறிவிப்பாக அவர் போனில் வந்திருக்கும். ஆண்ட்ராய்டு 11 முதல் “அறிவிப்பு வரலாறு” என்று ஓர் அமைப்பு உண்டு. அதை இயக்கி வைத்திருந்தால் முந்தைய 24 மணி நேரத்து அறிவிப்புகளை எடுத்துப் படிக்கலாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தால் சொல்லவே வேண்டாம்.

அவர் மிரட்டிய வரிகள் செயலியில்தான் இருந்தன. அவளிடம் அவை மறைந்துவிட்டன. முதலில் ஸ்கிரீன்ஷாட், அடுத்தது புகார், அதற்கப்புறம் அன்மேட்ச் என்று போயிருக்க வேண்டும். cybercrime.gov.in-ல் புகார் எழுதும்போது இணைக்க அவளிடம் வாட்ஸ்அப் பக்கம் மட்டுமே இருந்தது.

அதனால் அந்தப் பொத்தானில் “அழி” என்று எழுதாதீர்கள் முத்துராமன். அந்தச் சொல்லை நம்பித்தான் அவள் தூங்கப் போனாள்.

முத்துராமன்

அக்கா, மின்னஞ்சலை இரண்டு முறை படித்தேன். “அழி” வேண்டாம். “நீக்கு” என்பதிலும் அதே சிக்கல் இருக்கிறது. கோப்பை நீக்குவதற்கும் அதைத்தானே எழுதுகிறோம். “பொருத்தம் கலை” என்று யோசித்தேன். கூட்டம் கலைவது மாதிரி பொருள் அழகாக இருக்கிறது. ஆனால் பொத்தானில் தனியாக நின்றால் ஓவியம், நாட்டியம் என்று படிப்பார்கள். “இணைப்பைத் துண்டி” என்றால் இன்டர்நெட் போய்விட்டது என்று நினைப்பார்கள்.

சிவஞானம்

நான் கேள்வியைத் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தேன், மன்னிக்கவும். என் முதல் மின்னஞ்சலிலேயே ஒரு சொல் இருப்பதை இப்போது கவனித்தேன். பையன் வீட்டார் “விலகிக்கொண்டார்கள்” என்று எழுதியிருக்கிறேன். விலகு என்பது தன்வினை. நான் நகர்கிறேன், அவ்வளவுதான். விலக்கு என்றால் பிறவினை, அடுத்தவரைத் தள்ளுவதாகிவிடும். அந்தப் பெண் செய்தது தான் நகர்ந்துகொண்டது. அடுத்தவர் கையில் இருப்பதைப் பற்றி “விலகு” எந்த வாக்குறுதியும் தரவில்லை.

பிரியா

“விலகு” எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் குழுவிலிருந்து வெளியேறுவது போலவும் தோன்றும் ஐயா. மெனுவில் “கணக்கிலிருந்து வெளியேறு” பக்கத்திலேயே வருகிறதே?

முத்துராமன்

மூலத்தில் %s உள்ள இடத்தில் எதிரில் இருப்பவர் பெயர் வரும். அதையும் சேர்த்துவிட்டால் குழப்பம் தீரும் என்று நினைக்கிறேன். எச்சரிக்கை வரியில் “அழியும்” என்பதை “மறையும்” என்று மாற்றியிருக்கிறேன்.

```
msgid "Unmatch %s"
msgstr "%s இடமிருந்து விலகு"

msgid "Chat and photos will be deleted."
msgstr "அரட்டை இருவர் திரையிலும் மறையும். அவர் சேமித்தவை அவரிடமே இருக்கும். புகார் இருந்தால் முதலில் அதைச் செய்யவும்."
```

நஸ்ரின்

மூலத்தில் இல்லாததைச் சேர்த்திருக்கிறீர்கள். செய்ய வேண்டியதுதான், ஆனால் மூல ஆசிரியர்களுக்கும் எழுதிவிடுங்கள். ஆங்கில வரியே தவறு. அவர்கள் சர்வரில் உண்மையிலேயே அழிக்கிறார்களா என்றும் கேளுங்கள். அழிக்கிறார்கள் என்றால் புகாருக்கு என்ன வழி என்பதையும் கேட்க வேண்டும்.

முத்துராமன்

இன்றிரவே எழுதுகிறேன் அக்கா. இன்னொரு வரி பாக்கி இருக்கிறது. ஒருவர் விலகிய பிறகு எதிரில் இருந்தவர் பழைய அறிவிப்பைத் தொட்டுத் திறந்தால் காட்ட வேண்டியது அது. “இவர் விலகிவிட்டார்” என்று போடலாமா?

நஸ்ரின்

வேண்டாம். விலகியது தெரிந்ததும் வேறு எண்ணிலிருந்து துரத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். “இந்த அரட்டை இப்போது இல்லை” என்பது போதும்.

சிவஞானம்

எனக்கு அது சம்மதமில்லை அம்மா. நல்லபடியாகப் பேசிக்கொண்டிருந்தவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். ஒரு வார்த்தை சொல்லாமல் மறைந்தால் எதிரில் இருப்பவர் செயலி கெட்டுவிட்டதா, தான் ஏதும் தப்பாகப் பேசிவிட்டோமா என்று நாள்கணக்கில் உழல்வார். பையன் வீட்டார் எங்களுக்கு ஆள் விட்டுச் சொன்னார்கள். கசந்தது, ஆனாலும் தெரிந்துகொண்டோம்.

முத்துராமன்

இருவர் சொல்வதும் எனக்குச் சரியாகவே படுகிறது. அந்த வரியை இப்போதைக்கு வெறுமையாகவே அனுப்புகிறேன்.

```
msgid "This match is no longer available."
msgstr ""
```