வேகமா தள்ளுனா மட்டும் ஸ்பைரோமீட்டர் அதிகமா காட்டுது, ஹெல்ப் பண்ணுங்க

எங்க கிளினிக்ல நியூமோடாக் டைப் மெஷின், 3 லிட்டர் சிரிஞ்ச் வச்சு செக் பண்றப்போ மெதுவா தள்ளுனா 2.98, நடுத்தரமா 3.01 வருது, வேகமா 6 லிட்டர்/செகண்டுக்கு மேல போனா மட்டும் 3.13. ±3% னா 2.91ல இருந்து 3.09 வரைக்கும்தானே ஓகே, அப்போ இது ஃபெயில். சிரிஞ்ச் லீக்கா இருந்தா கம்மியால்ல காட்டணும்? ஃபில்டர் மாட்டித்தான் பாக்கறேன், சிரிஞ்சும் மெஷின் பக்கத்துலயேதான் இருக்கு, அதனால டெம்பரேச்சர் வித்தியாசமும் இல்ல.

ரீகேலிப்ரேட் பண்ணி எல்லாத்தையும் 3% இறக்குனா வேகமானது 3.04க்கு வந்துரும், ஆனா மெதுவானது 2.89 ஆகி அது ஃபெயில் ஆயிரும், ஸோ இது லீனியாரிட்டி பிரச்சனைதான்னு நினைக்கிறேன். சென்சார் ஸ்க்ரீன்ல ஈரமோ சளியோ படிஞ்சா இப்படி வருமா? கழுவி காயவச்சா போதுமா, இல்ல சென்சாரையே மாத்தணுமா? அதுவரைக்கும் பேஷண்ட் டெஸ்ட்டை நிறுத்தி வச்சிருக்கேன், ஏன்னா பீக் ஃப்ளோதான் முதல்ல தப்பா வரும்.