வீட்டு வேலை செய்த அக்காவுக்கு ஆங்கிலத்தில் பரிந்துரைக் கடிதம்: கொஞ்சம் உதவுங்கள்

நாங்கள் ஊர் மாறுவதால், 2019 முதல் எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா வேறு வீட்டுக்குப் போகிறார். அங்கே ஆங்கிலத்தில் கடிதம் கேட்கிறார்கள். அம்மா தமிழில் குறிப்பு எழுதித் தந்திருக்கிறார்: "தங்கமான பெண். கை சுத்தம். சொல்லாமலே எல்லாம் செய்வாள்."

அத்தனையும் உண்மைதான். ஆனால் முன்பின் தெரியாதவருக்கு இது போதாது. அதிலும் "எதையும் எடுக்கமாட்டார்" என்று எழுதினால், ஏன் இதைச் சொல்கிறார்கள் என்ற சந்தேகம்தான் வரும். அதனால் நடந்ததையே எழுதியிருக்கிறேன்: வீட்டுச் சாவி அவரிடம் இருந்தது, நாங்கள் வெளியூர் போன நாட்களிலும் வீட்டை அவரே பார்த்துக்கொண்டார். படுக்கையில் இருந்த பாட்டிக்கு வேளை தவறாமல் மாத்திரை கொடுத்தார், புண் வராமல் அடிக்கடி புரட்டிப் படுக்கவைத்தார். சேர்ந்த மாதம், விலகும் மாதம், விலகும் காரணம், என் கைபேசி எண், கையெழுத்து எல்லாம் உண்டு. காரணத்தைச் சொல்லாவிட்டால் நாங்கள்தான் அனுப்பிவிட்டோம் என்று நினைப்பார்கள். சம்பளம் மட்டும் எழுதவில்லை, புது இடத்தில் அவர் கூடக் கேட்கட்டும்.

ஒரு இடத்தில்தான் தயங்குகிறேன். அக்காவுக்கு மூட்டுவலி. கனமானதைத் தூக்க முடியாது. இதைக் கடிதத்தில் எழுதலாமா, இல்லை அவரே நேரில் சொல்வது நல்லதா? கையெழுத்துப் போடுமுன் முழுக் கடிதத்தையும் அவருக்குத் தமிழில் படித்துக் காட்டப்போகிறேன். இப்படிக் கடிதம் எழுதியவர்களும், கடிதம் பார்த்து ஆள் வைத்தவர்களும் சொல்லுங்கள்.