பிவோட் மொத்தத்தில் 11 லோடு காணாமல் போன கதை: உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

காவேரிப்பட்டணம் கணக்கன்

மாங்கூழ் ஆலை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். சீசனில் பெங்களூரா மாங்காய் லோடு வந்தால் எடை மேடையில் சீட்டு போட்டு, ஒரு எக்செல் ஷீட்டில் வரிசையாக ஏற்றிவிடுவோம்: சீட்டு எண், தேதி, மண்டி, ரகம், நிகர எடை. மண்டி வாரியாக எத்தனை கிலோ என்று பிவோட் சொல்லும். அதை வைத்துத்தான் பட்டுவாடா.

ஜூன் கடைசியில் சாந்தூர் பக்கத்து மண்டிக்காரர் ஒருவர் போன் செய்தார். "சார், ஒன்பது லோடு போட்டிருக்கேன், என் பேரே லிஸ்ட்ல இல்லையாமே?" நான் நம்பவில்லை. பிவோட்டை ரெஃப்ரெஷ் செய்தேன். அவர் பெயர் வரவில்லை. மூல ஷீட்டில் தேடினால் ஒன்பது வரியும் பத்திரமாக இருக்கின்றன.

மொத்தத்தைப் பார்த்தேன். பிவோட்டில் 17,04,485 கிலோ. மூல ஷீட்டில் நேராக `SUM` போட்டால் 17,51,240. வித்தியாசம் 46,755 கிலோ. சாந்தூர்க்காரரின் ஒன்பது லோடும் சேர்ந்து 38,205 தான். அப்படியானால் மீதி 8,550 எங்கே? அன்று ராத்திரி எட்டு மணி வரை அதே வேலை.

போச்சம்பள்ளி அக்கா

தம்பி, மூல ஷீட்டில் யாராவது ஃபில்டர் போட்டு வைத்திருப்பார்கள். மறைந்திருக்கும் வரியை பிவோட் எடுக்காது. எனக்கும் ஆனது. தர்மபுரியில் ஒரு பட்டுக்கூடு வியாபாரியிடம் வேலை பார்த்தபோது, நான் மூல ஷீட்டில் எடைப் பத்தியைத் தேர்ந்தெடுத்து கீழே பட்டையில் தெரியும் Sum-ஐப் பார்த்தேன். பிவோட்டோடு ஒத்துப்போகவில்லை. ஃபில்டரை எடுத்ததும் சரியாகிவிட்டது.

ஓசூர் எக்செல்காரன்

அக்கா, நீங்கள் சொன்ன சம்பவம் சரி, காரணம் தலைகீழ். மூல ஷீட்டில் ஃபில்டர் போட்டாலும், வரியை மறைத்தாலும் பிவோட் அதைக் கண்டுகொள்ளாது. எல்லா வரியையும் எடுத்துக்கொள்ளும். உங்கள் கேஸில் பிவோட் சரியாகத்தான் இருந்திருக்கும். கீழே பட்டையில் பார்த்த மொத்தம்தான் குறைச்சல், அது கண்ணில் தெரியும் வரிகளை மட்டும் கூட்டும். `SUBTOTAL(9,...)` போட்டுப் பார்ப்பவர்களுக்கும் இதே ஏமாற்றம் உண்டு. ஃபில்டர் மறைத்த வரியை அது விட்டுவிடும். கையால் Hide கொடுத்து மறைத்ததைச் சேர்த்துக்கொள்ளும். 109 போட்டால் இரண்டையும் விட்டுவிடும். சரிபார்க்க வேண்டுமென்றால் வெறும் `SUM` தான். அது எதையும் விடாது.

காவேரிப்பட்டணம் அண்ணா, உங்களுக்குக் குறைந்தது பிவோட் பக்கம். மண்டிப் பெயரின் கீழ்நோக்கு அம்பைச் சொடுக்கிப் பார்த்தீர்களா? `(blank)` டிக் எடுத்திருந்ததா?

காவேரிப்பட்டணம் கணக்கன்

எடுத்திருந்தது! அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

மே மாதம் பிவோட் போட்டபோது A:E என்று பத்தி முழுவதையும் கொடுத்தேன், பின்னால் வரும் லோடும் தானாகச் சேரட்டும் என்று. எடை முதலில் Count என்று வந்தது, Sum ஆக மாற்றினேன். அடியில் `(blank)` என்று ஒரு வரி அசிங்கமாக நின்றது. அந்த டிக்கை மட்டும் எடுத்துவிட்டேன். வேறெதையும் தொடவில்லை.

ஓசூர் எக்செல்காரன்

வினையே அந்த ஒரு டிக்தான். ஒன்றை எடுத்ததும் அந்தப் பத்திக்குக் கையால் போட்ட ஃபில்டர் வந்துவிடுகிறது. நீங்கள் நினைத்தது "வெற்றை மட்டும் விடு". எக்செல் வைத்துக்கொண்டது "இப்போது டிக் உள்ள பெயர்களை மட்டும் காட்டு". ஜூனில் புதிதாக வந்த பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. ரெஃப்ரெஷ் செய்தால் அம்புக்குள் டிக் இல்லாமல் போய் உட்காரும். எந்தச் செய்தியும் வராது. Grand Total-ம் காட்டுகிற பெயர்களை மட்டுமே கூட்டும், அதனால் பிவோட்டை மட்டும் பார்த்தால் குறையே தெரியாது.

மீதி 8,550-க்கும் இதே காரணமாகத்தான் இருக்கும். பழைய மண்டி ஒன்றின் பெயரை யாரோ வேறு மாதிரி அடித்திருப்பார்கள். பிவோட்டுக்கு அதுவும் புதுப் பெயர்தான்.

காவேரிப்பட்டணம் கணக்கன்

சரியாகச் சொன்னீர்கள். இரண்டு லோடில் பெயரின் கடைசியில் ஒரு ஸ்பேஸ் கூட விழுந்திருந்தது. இரவு எடை மேடையில் புதுப் பையன். கண்ணால் பார்த்தால் தெரியவே தெரியாது. நான் பிடித்தது இப்படி: மூல ஷீட்டில் பக்கத்துப் பத்தியில் இதைப் போட்டு கீழே வரை இழுத்தேன். மண்டிப் பெயர் C பத்தி, பிவோட்டின் பெயர்கள் A பத்தி.

```
=COUNTIF(Pivot!$A:$A, C2)
```

பூஜ்யம் வந்த வரிகள் சரியாக 11. அவற்றின் எடையைக் கூட்டினால் 46,755. அப்போதுதான் மூச்சு வந்தது.

பாலக்கோடு தக்காளி

எனக்கும் இதே பிரச்சினை! தக்காளி மண்டிக் கணக்கில் பிவோட் மொத்தம் எப்போதும் குறைவாகவே வரும். எல்லாப் பெயரும் இருக்கும், ஆனால் ஒரு கமிஷன்காரருக்கு மட்டும் பாதிக் கிலோதான் காட்டும். நானும் டிக் எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன். பேசாமல் பிவோட்டை விட்டு SUMIF-க்கு மாறிவிடலாமா?

ஓசூர் எக்செல்காரன்

உங்களுடையது வேறு நோய். SUMIF-க்கு மாறினாலும் போகாது. அந்த வரிகளில் எடை எண்ணாக இல்லாமல் எழுத்தாக இருக்கலாம். வாட்ஸ்அப்பிலிருந்து ஒட்டியதா? "350 கிலோ" என்று அடித்ததா? பிவோட் கூட்டும்போது அதைப் பூஜ்யமாகத்தான் கொள்ளும்.

இரண்டையும் பிரிக்க நான் செய்வது: எடைப் பத்தியோடு, சீட்டு எண்ணையும் Values-இல் போட்டு Count வைப்பேன். மூலத்தில் தலைப்பைக் கழித்து

```
=COUNTA(Data!A:A)-1
```

இதோடு ஒப்பிடுவேன். எண்ணிக்கையே குறைந்தால் வரி விழுந்திருக்கிறது: ஃபில்டர், ஸ்லைசர், அல்லது ரேஞ்ச் பாதியில் நிற்கிறது. எண்ணிக்கை ஒத்து, கிலோ மட்டும் குறைந்தால் எழுத்தாகிப்போன எண். காவேரிப்பட்டணம் கேஸில் 412-க்கு 401. தக்காளிக்காரருக்கு ஒத்துப்போகும் என்று நினைக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

போச்சம்பள்ளி அக்கா

ஆக இத்தனை வருஷம் நான் பிவோட்டைத் திட்டியது வீண். சரி, திருத்த என்ன செய்வது? பட்டுவாடாவுக்கு முன்னால் தினமும் ஃபார்முலா இழுக்க முடியுமா?

ஓசூர் எக்செல்காரன்

வேண்டாம். முதலில் அம்பில் `(Select All)` கொடுத்து எல்லாவற்றையும் வரவழையுங்கள். பிறகு மண்டிப் பெயரில் வலது சொடுக்கு, Field Settings, அதில் `Include new items in manual filter` டிக். இனி `(blank)` டிக்கை எடுத்தாலும் புதுப் பெயர் வரும். அதைவிட நல்லது, மூலத்தை Ctrl+T போட்டு டேபிளாக்கி, பிவோட்டின் ரேஞ்சை அந்த டேபிளுக்கு மாற்றுவது. வெற்று வரி வராது, டிக் எடுக்கிற வேலையும் இல்லை. புது லோடும் தானாகச் சேரும்.

பிவோட்டுக்கு மேலே ஒரு செல்லில் இதையும் வைத்துவிடுங்கள். பூஜ்யம் இல்லையென்றால் பட்டுவாடா கிடையாது.

```
=SUM(Data!E:E)-GETPIVOTDATA("Net",Pivot!$A$3)
```

எடைப் பத்தியின் தலைப்பு Net என்று இருந்தால் இப்படி. கூடுதல் ஸ்பேஸைப் பற்றி இது வாய் திறக்காது. டிக் சரியானபின் அந்த இரண்டு லோடும் மொத்தத்தில் வந்துவிடும், ஆனால் தனிப் பெயராக நிற்கும்.

காவேரிப்பட்டணம் கணக்கன்

அதற்கு மண்டிப் பெயரை டிராப் டவுனாக்கிவிட்டேன். இரவுப் பையனுக்கு இனி அடிக்கிற வேலை இல்லை. ஒரே சந்தேகம்: ஹெட் ஆபீஸ் அனுப்பிய இன்னொரு கோப்பில் அந்த `Include new items` பெட்டி மங்கலாக இருக்கிறது, டிக் விழவில்லை.

ஓசூர் எக்செல்காரன்

டேட்டா மாடலில் கட்டியதா என்று பாருங்கள். சாதாரண ரேஞ்சில் அது மங்கி நான் பார்த்ததில்லை. கோப்பைப் பார்க்காமல் சொல்ல முடியாது.

பாலக்கோடு தக்காளி

எண்ணிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் 268. கிலோ மட்டும்தான் குறைகிறது. "350 கி" என்று ஒரு முப்பது வரி இருக்கிறது, அடித்தவன் நானேதான்.