சுழிய நிரையா, வெற்று நிரையா?

செல்வி:
வணக்கம். கட்டுப்பாட்டுப் பொறியியல் நூலில், ஓர் அமைப்பு நிலைப்பானதா என்று கெழுக்களைக் கொண்டே பார்க்கும் ரவுத் அட்டவணை இயலை நாளை இரவுக்குள் அச்சுக்கு அனுப்பியாக வேண்டும். முதல் நிரலில் மட்டும் பூச்சியம் வருவது ஒன்று, ஒரு நிரை முழுக்கப் பூச்சியமாவது இன்னொன்று. இரண்டுக்கும் பெயர் வேண்டும். இரண்டாவதில், மேல்நிரையிலிருந்து ஒரு கோவை எடுத்து வகையிடுகிறோமே, அதைத் 'துணைச் சமன்பாடு' என்று எழுதிவிட்டேன். வகைக்கெழுச் சமன்பாட்டுப் பாடத்தில் அதே பெயர் வேறொன்றுக்கு இருப்பது இப்போதுதான் உறைத்தது.

மாறன்:
இரண்டு பெயர் எதற்கு? பூச்சியம் வந்த இடத்தில் எப்சிலான் என்ற மிகச் சிறிய எண்ணைப் போட்டுவிட்டு மேலே போக வேண்டியதுதான். 'பூச்சிய இடர்' போதும். பிள்ளைகள் எப்படியும் 'ரவுத் அரே', 'எப்சிலான் மெத்தட்' என்றுதான் சொல்லப்போகிறார்கள்.

இளங்கோ:
மாறன், அங்கேதான் வழுக்கும். முதல் நிரலில் மட்டும் பூச்சியம் என்றால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் s^5+s^4+5s^3+5s^2+4s+4 எடுத்துப் பாருங்கள். முதல் இரண்டு நிரையும் 1, 5, 4. ஆகவே மூன்றாவது 0, 0. அதில் ε, 0 என்று போட்டால்:

```
s^5 |  1     5   4
s^4 |  1     5   4
s^3 |  ε     0
s^2 |  5     4
s^1 | -0.8ε
s^0 |  4
```

ஐந்திலிருந்து எதிர்க்குறிக்கு, அங்கிருந்து நான்குக்கு. இரண்டு குறிமாற்றம், வலப்பாதியில் இரண்டு மூலம் என்று அட்டவணை சாதிக்கிறது. கோவையோ (s+1)(s^2+1)(s^2+4). வலப்பக்கம் ஒன்றுமே இல்லை! முறையாக s^4+5s^2+4 எடுத்து வகையிட்டால் 4, 10. அதை s^3 நிரையில் வைத்தால் அடுத்து 2.5, பிறகு 3.6, கடைசியில் 4. குறிமாற்றமே கிடையாது.

அதற்காக நிலைப்பானது என்று எழுதிவிடவும் கூடாது, செல்வி அம்மா. ±j, ±2j நான்கும் கற்பனை அச்சில் உட்கார்ந்திருக்கின்றன, அலைவு தணியாது. அந்த மேல்நிரைக் கோவை மூலக்கோவையின் காரணி என்பதால்தான் இது தெரியவருகிறது. 'துணை' என்றால் ஏதோ கைத்தடி மாதிரி இருக்கிறது. என் ஓட்டு 'காரணிக்கோவை'.

தமிழாசிரியர் ஒருவர்:
நிரை என்றதும் எனக்கு ஆநிரைதான் நினைவுக்கு வருகிறது. வெட்சியார் கவர்ந்த நிரையை மீட்பது கரந்தை. முழு நிரையும் பறிபோனபின் மேல்நிரையைக் கொண்டு மீட்கிறீர்கள். ஆகவே புதிதாக வைக்கும் நிரை 'மீட்பு நிரை'! தொல்காப்பியர் மீட்பதையும் வெட்சிக்குள்ளேயே அடக்குவார், கரந்தையைத் தனித்திணையாகக் கொள்வது புறப்பொருள் வெண்பாமாலை. அந்த வழக்கைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம். பூச்சியம் வடசொல், 'சுழியம்' என்றே எழுதுங்கள்.

மாறன்:
ε, 0 கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன். ஒப்புக்கொள்கிறேன், இரண்டு பெயர் வேண்டும். ஆனால் தேர்வுக்கு முந்தின நாள் மாணவன் கரந்தைப் படலம் புரட்டமாட்டான், ஐயா.

கண்ணன்:
ஒரு நிரை முழுக்கப் பூச்சியம் என்றால் அணிக்கோவையும் பூச்சியம்தானே? 'வெற்று நிரை' என்று முடித்துவிடலாமே.

இளங்கோ:
இது அணி இல்லை, கண்ணன், அட்டவணை. அணிக்கோவைக்கு இங்கே வேலையில்லை. 'வெற்று' என்றால் உறுப்பே இல்லை என்றாகும், வெற்றுக்கணம் போல. இங்கே உறுப்பு இருக்கிறது, அது சுழியம்.

கயல்:
எனக்கு அந்தச் சுழியமே வருவதில்லை. கெழுக்கள் தசமமாக இருந்தபோது நான் எழுதிய நிரல் 0, 0 வர வேண்டிய இடத்தில் 2e-16 மாதிரி ஏதோ காட்டியது. அதால் வகுத்துக்கொண்டே போய், கூசாமல் 'நிலையற்றது' என்று அச்சிட்டது. கண்டுபிடிக்க ஒரு வாரம். இதற்கும் ஒரு சொல் கொடுங்கள். (நான் எழுதிய 'நிரல்' புரோகிராம், உங்கள் 'நிரல்' அட்டவணையின் நெடுவரிசை. இந்தக் குழப்பத்தை யார் தீர்ப்பது?)

தமிழாசிரியர் ஒருவர்:
நிரல்நிறை என்றொரு பொருள்கோளே உண்டு. 'அன்பும் அறனும்' என அடுக்கிய வரிசையிலேயே 'பண்பும் பயனும்' வந்து பொருந்தும் குறளைப் பாருங்கள். நிரல் என்றால் ஒழுங்கு. இரண்டு வேலைக்கும் தாங்கும்.

கயல்:
தாங்கும் ஐயா, தேடுபொறிக்குத்தான் தாங்காது.

செல்வி:
நேரமாகிவிட்டது. 'முதல்நிரல் சுழியம்', 'சுழிய நிரை' இரண்டும் பெரும்பாலோர்க்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன். கோவைக்குத் 'துணைப் பல்லுறுப்புக்கோவை' என்றே போகிறது. சமன்பாடு என்ற சொல்லைத் தவிர்த்துவிட்டேன். இளங்கோ ஐயாவின் கணக்கையும் எடுத்துக்காட்டாகச் சேர்த்துவிட்டேன்.

இளங்கோ:
என் மறுப்பு அப்படியே இருக்கிறது. அது காரணி, அம்மா. துணை இல்லை.

தமிழாசிரியர் ஒருவர்:
மீட்பு நிரைக்கு அடிக்குறிப்பிலாவது இடம் உண்டா?