சொல் தேவை: இணையம் இல்லாதபோதும் வரும் விளம்பரம்

தமிழ்ச்செல்வி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஒரு புதிர் விளையாட்டின் உதவிப் பக்கத்தைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இணையம் இருக்கும்போதே விளம்பரத்தை இறக்கி வைத்துக்கொண்டு, இணையம் போன பிறகு காட்டுகிறார்கள் அல்லவா, அதற்கு ஒரு சொல் வேண்டும். ‘முன்னேற்றிய விளம்பரம்’ என்று போட்டால் முன்னேற்றம் என்று படித்துவிடுவார்கள்.

கதிரேசன் எழுதியது:

ஏரோபிளேன் மோடில் போட்டால் எந்த விளம்பரமும் வராதே! தனிச்சொல் எதற்கு?

நடராஜன் எழுதியது:

கதிரேசன் சொல்வது பாதி சரி. மோடை எப்போது போடுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. விளையாட்டைத் திறந்ததுமே அதற்குள் இருக்கும் விளம்பர நிரல் அடுத்த விளம்பரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு மோடைப் போட்டால், கட்டம் முடிந்ததும் அந்த விளம்பரம் வரத்தான் செய்யும். அடுத்த கட்டத்தில் வராது, வாங்கி வைத்தது தீர்ந்துவிட்டது. விளையாட்டை முழுதாக நிறுத்தி, மோடைப் போட்டு, அப்புறம் திறந்து பாருங்கள். நினைவகத்தில் மட்டும் வைத்திருந்த விளம்பரம் போயிருக்கும். சில நிரல்கள் கோப்பாகவே சேமிக்கும், அவற்றுக்குப் போனின் அமைப்புகளில் அந்த விளையாட்டுக்கான ‘Clear cache’ செய்ய வேண்டும். பக்கத்திலேயே இருக்கும் ‘Clear storage’-ஐத் தொட்டுவிடாதீர்கள், விளையாடிய கட்டங்கள் எல்லாம் அழிந்துவிடும்.

வாங்கி வைத்தது கொஞ்ச நேரம்தான் செல்லும். கூகுளின் விளம்பரச் சேவையான AdMob-இல் முழுத்திரை விளம்பரத்துக்கு 1 மணி நேரம்தான் கெடு, அதைத் தாண்டிக் காட்டினால் விளையாட்டை உருவாக்கியவருக்கு வருமானம் சேராமல் போகலாம். ஆகவே ‘கையிருப்பு விளம்பரம்’ என்கிறேன். கையிருப்பு தீரும் என்பது சொல்லிலேயே இருக்கிறது.

பாத்திமா எழுதியது:

நான் பணம் கட்டி விளம்பரத்தை எடுத்தேன். போன் மாற்றியதும் திரும்ப வந்துவிட்டது. அதுவும் கையிருப்புதானா ஐயா?

நடராஜன் எழுதியது:

இல்லை அம்மா, அது வேறு. வாங்கிய உரிமை உங்கள் ஸ்டோர் கணக்கில்தான் இருக்கிறது, போனில் இல்லை. அதே கணக்கில் நுழைந்து, விளையாட்டின் அமைப்புகளில் ‘Restore purchases’ அழுத்துங்கள். உருவாக்கியவரே விளம்பரத்தைக் கேட்பதை நிறுத்துவதால், நிலையாகப் போவது இந்த வழியில்தான். ஆனால் உயிர் கூட்டவோ குறிப்பு பெறவோ நீங்களே அழுத்திப் பார்க்கும் பரிசு விளம்பரம் பெரும்பாலும் இருக்கும். வாங்குமுன் அந்த விவரத்தைப் படித்துவிடுங்கள். விளம்பர ஐடியை அழித்தால் விளம்பரம் குறையாது, உங்கள் விருப்பத்துக்கேற்ப வருவதுதான் நிற்கும்.

கதிரேசன் எழுதியது:

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் விளையாட்டு ஒன்றில் எத்தனை முறை இணையமில்லாமல் திறந்தாலும் ஒரே படம் வருகிறது. அதே நிறுவனத்தின் வேறொரு விளையாட்டுக்கான விளம்பரம்.

நடராஜன் எழுதியது:

அது விளையாட்டை உருவாக்கும்போதே உள்ளே வைத்துக் கட்டியது. கேஷை அழித்தாலும் போகாது, தீரவும் தீராது. கையிருப்பு என்ற பெயர் அதற்குப் பொருந்தாது.

தமிழ்ச்செல்வி எழுதியது:

முதல் வகைக்குக் ‘கையிருப்பு விளம்பரம்’ என்றே எழுதிவிடுகிறேன். இந்த இரண்டாவதற்கு ‘உடன்கட்டு விளம்பரம்’ சரிவருமா? ‘உடன்கட்டை’ நினைவுக்கு வந்து உறுத்துகிறது. வேறு யோசனை இருந்தால் எழுதுங்கள்.